பெருங்காய டப்பாவில் எழுபத்தெட்டு

சந்தானத்துக்கு அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். வம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதற்குத்தான் இருபத்துநாலு வருஷம் சம்பளம் வாங்கினார். மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் கம்ப்யூட்டர் படித்து, இரண்டாயிரத்தில் டெக்சாஸ் வந்து இறங்கிய நாளிலிருந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங். விமான டிக்கெட் விற்கும் மென்பொருள், இன்ஷூரன்ஸ் மென்பொருள், எதைக் கொடுத்தாலும் மனிதர் அரைமணியில் ஓட்டையைக் காட்டுவார். காட்டிவிட்டு, எழுதியவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எப்படி வந்துச்சு இது? சொல்லு" என்று கேட்பார். பதில் தெரிந்துகொண்டேதான் கேட்பார்.

இந்தக் குணம் ஆபீஸோடு நிற்குமா? அவர் குடியிருக்கும் இர்விங்கில் எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் சாம்பாரில் உப்பு, சுவரில் படம் கோணல், ஏதாவது ஒன்று அவர் கண்ணில் படும். அவர் மனைவி மீனாக்ஷி காரில் ஏறும்போதே கெஞ்சுவாள். "ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது வாய மூடிக்கிட்டு சாப்பிடுங்களேன்." சந்தானம் சிரித்துக்கொள்வார். தப்பு எங்கே என்று சொல்வதில் என்ன தப்பு?

அறுபதாவது வயதில் அவர் நெஞ்சிலேயே ஒரு தப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்து, பிழைக்க வைத்து அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்துச் சில மருந்துகளை நிறுத்தி, கடைசியில் மூன்று மட்டும் ஆயுசுக்கும் என்று ஆகிவிட்டது. ரத்தம் கட்டாமல் இருக்கச் சின்ன ஆஸ்பிரின், கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாடின், பிரஷருக்கு லிசினோபிரில். மூன்று குப்பி, மூன்று ரீஃபில் தேதி. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று பாதி இருக்கும். நாலு நாள் போட்டால் மூன்று நாள் மறப்பார். மீனாக்ஷி கேட்டால், "போட்டாச்சு போட்டாச்சு" என்பார். அந்த வார்த்தை இரண்டு தடவை வந்தால் போடவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

லாஸ் கொலினாஸ் பக்கம் அவர் போகும் இதய கிளினிக்கில் டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சி பற்றிச் சொன்னார். மூன்று மருந்தையும் ஒரே கேப்ஸ்யூலில் போட்டு, ஒரு நாளைக்கு ஒன்று. ஜனங்கள் மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்களா, பலன் கூடுகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். இந்தியாவில் இப்படி மூன்றும் சேர்ந்தது கடையிலேயே கிடைக்கிறது, இங்கே ஆஸ்பிரினோடு சேர்த்து விற்பனைக்கு வரவில்லை. அதனால் கிளினிக்கின் மருந்தகமே மாத்திரைகளைக் கையால் கேப்ஸ்யூலில் அடைக்கும். பாதிப் பேருக்குப் பழையபடி மூன்று குப்பி, பாதிப் பேருக்கு ஒரே குப்பி. குலுக்கலில் சந்தானத்துக்கு ஒரே குப்பி விழுந்தது.

"கேப்ஸ்யூல் கூடு எதுல பண்றாங்க? மாட்டு எலும்புல தானே?" என்று முதல் நாளே மருந்தக ஜன்னலில் கேட்டார். கேள்வி ஆங்கிலத்தில்தான் போயிற்று, பதில் தமிழில் வந்தது.

"இல்ல அங்கிள். நானும் வெஜிடேரியன்தான். ஸ்டடி ஆரம்பிக்கும்போதே சண்ட போட்டு வெஜிடபிள் கூடு ஆர்டர் பண்ண வெச்சேன். தைரியமா முழுங்குங்க."

அவள்தான் ஜலஜா. திருச்சிக்காரி, நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் பி.ஃபார்ம் முடித்தவள். புருஷன் விசாவில் வந்து வேலைக்கு அனுமதியில்லாமல் எட்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, பிறகு பரீட்சை மேல் பரீட்சை எழுதி, சம்பளமில்லாமல் பயிற்சி நேரம் முடித்து, லைசென்ஸ் வாங்கியவள். எல்லோரிடமும் ஜன்னலில் பேரும் பிறந்த தேதியும் கேட்டுவிட்டுத்தான் மருந்து கொடுப்பாள், அது இந்த ஊர்ச் சட்டம். சந்தானத்திடம் ஒரு நாளும் கேட்டதில்லை. தூரத்தில் பார்த்ததுமே, "வாங்க அங்கிள், ஆன்ட்டி வரலையா?" என்று குப்பியை எடுத்து வைத்துவிடுவாள். சந்தானத்துக்கு அது ஒரு பெருமை.

ஜனவரிக் கடைசியில் தொண்ணூறு கேப்ஸ்யூல் கொடுத்தாள். பன்னிரண்டு நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. பதிமூன்றாம் நாள் காலையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. முந்தின நாள் மனிதர் தோட்டத்துக்கு மண் மூட்டை பதினெட்டு தூக்கியிருந்தார், அதை நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் மயிலாடுதுறைப் பள்ளி நண்பர் யாரோ அனுப்பியது ஞாபகம் வந்தது: கொலஸ்ட்ரால் மாத்திரை தசையைத் தின்றுவிடும், மூளையை மழுக்கிவிடும், கம்பெனிகள் மறைக்கின்றன. இதே ஆள் ஆபீஸில் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதினால் கிழித்துப் போடுவார். வாட்ஸ்அப்புக்கு மட்டும் ஆதாரம் வேண்டாமாம்!

தனி மாத்திரையாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பார். இது மூன்றும் ஒன்று. என்ன செய்தார்? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கேப்ஸ்யூலை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். திறந்துகொண்டது. உள்ளே மஞ்சளாக ஒன்று, ரோஸாக ஒன்று, வெள்ளையில் நீளவாக்கில் ஒன்று, மாத்திரைகள் ஆடாமல் இருக்கக் கொஞ்சம் வெள்ளைப் பொடி. மாத்திரையில் குத்தியிருக்கும் எண்ணைப் போனில் தட்டிப் பார்த்து, வெள்ளைதான் அடோர்வாஸ்டாடின் என்று உறுதி செய்துகொண்டார். தொழில் சுத்தம். வெள்ளையை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் கூட்டுக்குள் போட்டு மூடி விழுங்கினார்.

அப்புறம் தினமும் அதுதான். மீனாக்ஷி காலையில் வெந்நீரும் கேப்ஸ்யூலும் கையில் கொடுப்பாள். "பல்லு தேச்சிட்டுப் போட்டுக்கறேன்" என்று உள்ளே எடுத்துப் போவார். எடுத்த மாத்திரையைக் கழிவறையில் போட்டிருக்கலாம். மருந்தைத் தூக்கிப் போட நம்மவர்களுக்கு மனசு வருமா? அலமாரியில் ஒரு காலிப் பெருங்காய டப்பா இருந்தது, அதில் போட்டு, ஷேவிங் சாமான்களுக்குப் பின்னால் வைத்தார். கால் வலி போயிற்றா என்றால், அதுதான் இல்லை. விட்டு விட்டு வந்துகொண்டேதான் இருந்தது. அதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

மே மாதம் மூன்று மாதச் சோதனை. காலிக் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினார். மீதி ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு. "நூற்றுக்கு நூறு. நீங்கள்தான் எங்களுடைய முதல் மாணவர்" என்றார். பிரஷர் நூற்றைம்பத்திரண்டிலிருந்து நூற்றிருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோ ஆஞ்சநேயர் கோயிலில் அந்தச் சனிக்கிழமை நாலு பேரிடம் இந்த நூற்றுக்கு நூறைச் சொன்னார். சொல்லும்போது வெட்கமே இல்லை, அதுதான் ஆச்சரியம்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவே போன் செய்தார். கெட்ட கொலஸ்ட்ரால் ஆரம்பத்தில் நூற்று நாற்பத்தெட்டு, இப்போது நூற்று நாற்பத்தாறு. இந்த அளவு மருந்தில் பாதிக்குப் பாதி இறங்கியிருக்க வேண்டும்.

"ஏதாவது நாள் விட்டுப்போச்சா? இருந்தா சொல்லுங்க. தப்பா நினைக்க மாட்டோம். அது தெரிஞ்சுக்கறதுக்குத்தான் இந்த ஸ்டடியே."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அந்த அம்மா பேசினார். சந்தானம் என்ன சொன்னார் தெரியுமா? ஆபீஸ் குரலில், நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். "டாக்டர், நான் இருபத்துநாலு வருஷம் டெஸ்டிங் பண்ணவன். உள்ள போறது சரியா இருந்து வெளிய வர்றது தப்பா இருந்தா, நடுவுல தயாரிச்ச இடத்தைத்தான் பாக்கணும். உங்க கேப்ஸ்யூல் எப்படி ஃபில் பண்றாங்கன்னு செக் பண்ணுங்க."

"நீங்க சொல்றதுல பாயின்ட் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

இரண்டாம் நாள், ஆராய்ச்சியில் ஒரே குப்பி வாங்கும் அத்தனை பேருக்கும் கடிதம் வந்தது. ஒரு பரிசோதனை முடியும்வரை கேப்ஸ்யூலை நிறுத்துகிறோம், தற்காலிகமாக மூன்று தனிக் குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மீனாக்ஷி படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ, மருந்துல கோளாறா? நல்ல வேள, நீங்க சொன்னீங்க."

சந்தானம் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் குப்பிகள் வாங்கத் தனியாகப் போனார். ஜன்னலில் ஜலஜா. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "வாங்க அங்கிள்" என்றாள், ஆன்ட்டியைக் கேட்கவில்லை. மூன்று குப்பிகளையும் பையில் போட்டுவிட்டு, பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், நான் இதைப் பேசக் கூடாது. ஆனா உங்ககிட்ட சாரி சொல்லாம என்னால இருக்க முடியல."

"எதுக்கும்மா?"

"உங்க குப்பி நான் ஃபில் பண்ணது. ஐஸ் புயல் வந்துச்சே, அந்த வாரம். ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி, பாதி ஸ்டாஃப் வரல. தட்டுல நூறு குழி இருக்கும், ஒவ்வொரு மருந்தா மூணு ரவுண்டு போடணும், இன்னொருத்தர் பாத்து கையெழுத்துப் போடணும். அன்னிக்கு ஆள் இல்ல. எத்தன மாத்திரை எடுத்தேன்னு எழுதற ஸ்டாக் ஷீட்டும் மறுநாள்தான் எழுதினேன். மத்தவங்க குப்பில மீந்ததத் தெறந்து பாத்தாங்க, எல்லாத்துலயும் மூணும் இருக்கு. உங்க தட்டு மட்டும்தான் சந்தேகம். உங்களுது ஒண்ணுகூட மீதி இல்லையே, தெறந்து பாக்க முடியாது." அவள் கை கவுன்டர் விளிம்பைப் பிடித்திருந்தது. "நான் போட்டேன்னுதான் ஞாபகம். ஆனா தினம் ராத்திரி யோசிச்சு யோசிச்சு, ஒரு ரவுண்ட விட்டுட்டேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு. ஸ்டென்ட் வெச்ச ஆளு நீங்க. மூணு மாசம் அந்த மருந்து இல்லாம... ஏதாவது ஆயிருந்தா ஆன்ட்டி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"ஃபில்லிங் வேலைலேர்ந்து என்னை எடுத்துட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டாள். "அது பரவால்ல. ரிப்போர்ட் ஃபார்மஸி போர்டுக்குப் போச்சுன்னா லைசென்ஸ்ல எழுதிடுவாங்க."

சந்தானம் வாயைத் திறந்தார். "பாத்துக்கலாம்மா, கவலப்படாத" என்ற வார்த்தைதான் வந்தது. பையை எடுத்துக்கொண்டு காருக்கு வந்து உட்கார்ந்தார். சாவியைப் போடக் கை வரவில்லை. சீ, என்ன பிறவி! பொய் சொன்னவன் ஏசி காரில் உட்கார்ந்திருக்கிறான், தப்பே செய்யாதவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள். கேட்டதற்கு இவர் பெரிய மனசோடு ஆறுதல் வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவமானத்தில் காது மடல் சுட்டது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பயந்து, அதை மேலே திருப்பிவிட்டார்.

ஒரு வாரம் இழுத்தடித்தார். தானாகவே சரியாகிவிடும் என்று நினைத்துப் பார்த்தார். பேர் போடாமல் ஒரு மெயில் அனுப்பலாமா என்று யோசித்தார். கிளினிக்கில் அடுத்து எடுக்கப்போகும் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் தனி மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டு கொலஸ்ட்ரால் இறங்கினால்? அப்போது நிச்சயம் கேப்ஸ்யூலில்தான் மருந்து இல்லை என்று ஆகிவிடும், அவள் கதை முடிந்தது. இது புரிந்த காலையில் வெள்ளை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, போடவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார். ஒழுங்காக மருந்து சாப்பிட்டால்கூட இன்னொருத்தி தலையில் விழுகிற மாதிரி அல்லவா செய்து வைத்திருக்கிறார்!

மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பெருங்காய டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஜன்னலில் கூட்டமில்லை. டப்பாவைக் கவுன்டரில் வைத்தார். "என்ன அங்கிள் இது, பெருங்காயமா?" என்று ஜலஜா லேசாகச் சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு போலிருந்தது. மூடியைத் திறந்தாள். பெருங்காய வாசனை குப்பென்று வந்தது. உள்ளே பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நீ ஒண்ணும் விடலம்மா" என்றார் சந்தானம். "மூணும் இருந்துச்சு. கால் வலிக்கு இந்த மாத்திரைதான் காரணம்னு நான்தான் தெறந்து எடுத்தேன். பன்னெண்டு நாளைக்கு அப்புறம், தினமும்."

அவள் மாத்திரை எண்ணும் நீலத் தட்டை எடுத்து டப்பாவைக் கவிழ்த்தாள். தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளினாள். பதினைந்து ஐந்து, மேலே மூன்று.

"எழுபத்தெட்டு" என்றாள். "பன்னெண்டும் எழுபத்தெட்டும் தொண்ணூறு. ஒரு தட்டுல ஒண்ணுகூட நான் விடல." கண்ணில் நீர் தளும்பிற்று, துடைத்துக்கொள்ளவில்லை. "ஏன் அங்கிள்? கால் வலின்னா சொல்லியிருந்தா டெஸ்ட் எடுத்திருப்பாங்க. டோஸ் கொறைச்சிருப்பாங்க, வேற மாத்திரை மாத்தியிருப்பாங்க. எத்தன வழி இருக்கு. என்கிட்ட தமிழ்லயே சொல்லியிருக்கலாமே?"

"நூத்துக்கு நூறுன்னு சொன்னாங்கம்மா. அதுக்கு அப்புறம் சொல்ல வெக்கமா போச்சு."

"பதினோரு நாளா நான் தூங்கல."

"தெரியும். அதுக்குத்தான் உன்கிட்ட வந்து..."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?" அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "டாக்டர்கிட்ட சொல்லணும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்."

அவளிடம் தனியாகச் சொன்னால், அவள் மன்னித்தால், அதோடு முடிந்துவிடும் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தார் போலிருக்கிறது. ஜன்னலுக்கு முன்னால் நின்றபடியே பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கினார். எழுதத் தெரிந்தது டெஸ்டிங் ரிப்போர்ட் ஒன்றுதான், அந்த விதத்திலேயே எழுதினார். எதிர்பார்த்தது: கொலஸ்ட்ரால் பாதியாக இறங்க வேண்டும். நடந்தது: இறங்கவில்லை. எப்படி நடந்தது: ஒன்று, குளியலறைக் கதவைச் சாத்தினேன். இரண்டு, கேப்ஸ்யூலைப் பிரித்தேன். மூன்று, கேட்டபோது பொய் சொன்னேன். நாலு, பழியைத் தயாரித்தவர் மேல் போட்டேன். தப்பு எங்கே: என்னிடம். இருபத்துநாலு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார், தப்புக்குக் காரணமாகத் தன் பேரைக் கடைசி வரியில் போட்டது இதுதான் முதல்.

டாக்டரம்மா படித்துவிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுபத்தெட்டு மாத்திரையையும் குறிப்பில் ஏற்றிக்கொண்டார். "உங்களை ஸ்டடியிலிருந்து எடுக்கப் போவதில்லை. ஒரே கேப்ஸ்யூலாகக் கொடுத்தால் மறதியைத் தடுக்கலாம், மனசைத் தடுக்க முடியாது என்று எங்களுக்கும் தெரிய வேண்டியதுதானே" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தசைக்கு ஒரு கெடுதலும் இல்லை. காலை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வலி முதுகிலிருந்து வருகிறது என்றார். மூன்று மாதமாக அந்த மாத்திரை இல்லாமலே வலி இருந்ததே, அதைக் கவனித்தீர்களா என்று கேட்டார். சந்தானம் தரையைப் பார்த்தார். தப்புக் கண்டுபிடிப்பதில் மன்னனாம்.

வீட்டில் மீனாக்ஷியிடம் சொன்னதுதான் கஷ்டம். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கடைசிவரை கேட்டுவிட்டு, "எழுபத்தெட்டு நாள் நான் வெந்நி வெச்சுக் கொடுத்தேன்" என்றாள்.

ஜலஜாவின் மேல் இருந்த விசாரணையை மூடினார்கள். இரண்டாம் கையெழுத்து இல்லாததற்கு மட்டும் ஒரு எச்சரிக்கை கொடுத்து, ஃபில்லிங் வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேப்ஸ்யூலும் மறுபடி ஆரம்பித்தது. ஜூன் கடைசியில் புதுக் குப்பி வாங்க சந்தானமும் மீனாக்ஷியும் சேர்ந்து போனார்கள். வழியெல்லாம் அவர் மனசில் ஒத்திகை பார்த்தார். அவள் வழக்கம்போல் "வாங்க அங்கிள்" என்பாள், இவர் கைகூப்பி ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்.

ஜன்னலில் ஜலஜாதான் இருந்தாள். முகம் தெளிந்திருந்தது. மீனாக்ஷியைப் பார்த்து, "ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் குப்பி அவள் கைக்கெட்டும் தூரத்தில் பேரெழுதி நின்றிருந்தது. அதை எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, விரல்களைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற அதே மரியாதையான ஆங்கிலத்தில் கேட்டாள்.

"லாஸ்ட் நேம், சார்? டேட் ஆஃப் பர்த்?"

கூப்பத் தூக்கிய கையைக் கீழே இறக்கிக்கொண்டு, சந்தானம் தன் பேரைச் சொன்னார். பிறகு மாதம், தேதி, வருஷம்.